பதிவு இருக்கட்டும், இடம் மட்டும் போகட்டும்: எந்த வழி யாருக்குச் சரி?

ஃபேஸ்புக்கில் பத்துப் பன்னிரண்டு வருடமாக இருப்பவர்களிடம் "பழையதையெல்லாம் அழித்துவிடுங்கள்" என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்துக்குக் கீழே தாத்தா போட்ட வாழ்த்து இருக்கும். தாத்தா இன்று இல்லை. அதை எப்படி அழிப்பது? ஆனால் அதே பதிவின் தலையில் அடுக்ககத்தின் பெயர் நிற்கிறதே, அது அங்கே இருக்கத் தேவையில்லை.

பதிவை வைத்துக்கொண்டு இடத்தை மட்டும் எடுக்கவோ மறைக்கவோ நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. ஒவ்வொரு பதிவாகத் திறந்து இடத்தை நீக்கலாம். இடத்தைத் தொடாமல், யார் பார்க்கலாம் என்பதைச் சுருக்கலாம். பதிவை ஆர்க்கைவில் போட்டு நமக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். மொத்தமாக ஒரே தட்டலில் நீக்கலாம். நான் இங்கே பார்க்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் மூன்றில் எக்ஸ் மட்டும் அந்த வசதியைத் தருகிறது. இவை போக "எல்லாவற்றையும் நாங்களே நீக்கித் தருகிறோம்" என்று வரும் பிரௌசர் நீட்சிகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எந்த வழி என்று முடிவு செய்யுமுன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். அந்த இடம் யாருக்குத் தெரியக்கூடாது? முன்பின் தெரியாதவர்களுக்கா, நண்பர் பட்டியலிலேயே இருக்கும் சிலருக்கா? தெரியாதவர்களுக்கு என்றால் ஃபேஸ்புக்கில் பெரும்பாலான வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பட்டியலில் இருப்பவர்களுக்கு என்றால் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். பட்டியலில் ஐந்நூறு பேர் இருந்து, அதில் பாதிப் பேர் யாரென்றே நினைவில்லை என்றால் நீங்கள் இரண்டாவது ரகம்.

முதலில் எக்ஸ். அது சுலபம் என்பதால் சீக்கிரம் முடித்துவிடலாம். Settings and privacy, Privacy and safety, Location information, Add location information to your posts என்று உள்ளே போனால் Remove all location information attached to your posts என்று ஒரு வரி இருக்கும். அதைத் தட்டினால் பழைய பதிவுகள் எல்லாவற்றிலிருந்தும் இடம் போய்விடும், பதிவுகள் அப்படியே நிற்கும். எல்லாம் மறையச் சற்று நேரம் பிடிக்கலாம். இதை வை, அதை எடு என்று தேர்ந்தெடுக்க முடியாது. திரும்பக் கொண்டுவரவும் முடியாது. என் கருத்தில் இங்கே யோசிக்க ஒன்றுமில்லை, தட்டிவிடுங்கள். பழைய ட்வீட்டுகளில் திரையில் தெரிந்ததைவிட அதிகம் ஒளிந்திருந்தது. 2015 ஏப்ரலுக்கு முன் "கோயம்புத்தூர்" என்று ஊர்ப் பெயரை மட்டும் சேர்த்துப் போட்ட ட்வீட்டுகளிலும் போனின் துல்லியமான அட்சரேகை, தீர்க்கரேகை சேர்ந்து பதிவாகியிருந்தது. திரையில் தெரியாது, நிரல் வழியாக எடுப்பவருக்குக் கிடைக்கும். இதை 2019இல் ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். அதே ஆண்டு துல்லிய இடத்தைச் சேர்க்கும் வசதியையே ட்விட்டர் பெரும்பாலும் எடுத்துவிட்டது.

எக்ஸில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. போகிற இடத்தைப் பதிவிடும் ஃபோர்ஸ்கொயர், ஸ்வார்ம் செயலிகளை இணைத்து வைத்திருந்த காலத்தில் "I'm at" என்று தொடங்கும் ட்வீட்டுகள் தானாகப் போயிருக்கும். அவற்றில் இடம் வாசகத்துக்குள்ளேயே இருப்பதால் அந்த Remove வரி அதைத் தொடாது. எக்ஸின் தேடலில் உங்கள் பயனர்பெயரை @ இல்லாமல் சேர்த்துத் தேடிப் பாருங்கள்:

```
from:உங்கள்_பயனர்பெயர் "I'm at"
```

வருவது பெரும்பாலும் வெறும் செக்-இன் வரிகள்தான். அவற்றை அழித்தால் இழப்பு ஒன்றுமில்லை.

இனி ஃபேஸ்புக். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் செக்-இன்களை மொத்தமாக நீக்க ஒரு பொத்தான் கிடையாது. பதிவின் மூன்று புள்ளியைத் தட்டி Edit post போய், இடக் குறியைத் தட்டி, இடப்பெயருக்குப் பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்திச் சேமிக்க வேண்டும். ஒரு பதிவுக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். லைக்கும் கமெண்டும் அப்படியே இருக்கும், யாருக்கும் அறிவிப்பு போகாது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. மூன்று இடத்தில் இடறும்.

ஒன்று, வெறும் செக்-இன். எழுத்தும் இல்லை, படமும் இல்லை, ஒரு வரைபடமும் "was at" என்ற வரியும் மட்டும். இடத்தை எடுத்தால் பதிவில் மிஞ்ச ஒன்றுமில்லை. கீழே உள்ள கமெண்டுகள் வேண்டுமென்றால் முதலில் ஒரு வரி எழுதிவிட்டுப் பிறகு இடத்தை எடுங்கள். கமெண்டே இல்லையென்றால் அழித்துவிடலாம்.

இரண்டு, படங்கள். பதிவுக்கு ஓர் இடம் இருப்பது போல ஒவ்வொரு படத்துக்கும் தனியாக ஓர் இடம் இருக்க முடியும், ஆல்பத்துக்கும் இருக்க முடியும். பதிவில் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். யாராவது படத்தைத் தனியாகத் திறந்தால் ஓரத்தில் இடம் நிற்கும். பதிவைச் சேமித்ததும் ஒரு படத்தைத் தட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே தெரிந்தால் அந்தப் படத்தின் திருத்தத்தில் போய் எடுக்க வேண்டும். ஆல்பம் என்றால் ஆல்பத்தின் திருத்தத்திலும்.

மூன்றாவதுதான் மோசம். பலர் இடத்தை டேக் செய்ததோடு, "எங்க புது வீடு, இன்ன நகர், இன்ன தெரு" என்று வாசகத்திலும் எழுதியிருப்பார்கள். அந்த வாக்கியத்தைத் திருத்தினால் போதும் என்று தோன்றும். ஆனால் ஃபேஸ்புக் திருத்த வரலாற்றை வைத்திருக்கிறது. பதிவைப் பார்க்க முடிந்தவர் யாராக இருந்தாலும் மூன்று புள்ளியில் View edit history போய் பழைய வாசகத்தைப் படிக்கலாம். வாசகத்தில் முகவரி உள்ள பதிவுக்குத் திருத்தம் தீர்வே அல்ல. அதை ஆர்க்கைவில் போடுங்கள், அல்லது Only me ஆக்குங்கள்.

அப்புறம் இரண்டாவது வழி. அமைப்புகளில் பதிவுகள் பகுதியில் Limit who can see past posts என்று இருக்கும், சில திரைகளில் சுருக்கமாக Limit past posts. இதை அழுத்தினால் Public என்றோ நண்பர்களின் நண்பர்களுக்கு என்றோ போட்ட உங்கள் பழைய பதிவுகள் எல்லாம் நண்பர்களுக்கு மட்டும் என்று மாறிவிடும். ஆயிரம் பதிவு இருந்தாலும் ஒரே தட்டல். இடம் அதே இடத்தில்தான் இருக்கும், தெரியாதவர் கண்ணுக்கு மட்டும் மறையும். பதிவில் டேக் செய்யப்பட்டவர்கள் தொடர்ந்து பார்ப்பார்கள். குழுக்களிலும் பக்கங்களிலும் போட்டவற்றுக்கு இது பொருந்தாது. மனம் மாறினால் மொத்தமாகத் திருப்ப வழியில்லை, ஒவ்வொன்றாகத்தான் மறுபடி பொதுவாக்க வேண்டும். கவிதையோ கட்டுரையோ எழுதிப் பலர் பகிர்ந்துகொண்ட பதிவுகள் உள்ளவர்கள் இதை யோசித்துத் தொடுங்கள். பகிர்ந்தவர்களின் பக்கத்திலும் உங்கள் பதிவு பலருக்குத் தெரியாமல் போகும். அப்படி எதுவும் இல்லாத சாதாரணக் குடும்பக் கணக்கு என்றால் இன்றே செய்துவிடலாம்.

ஆர்க்கைவ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. Activity log போய்ப் பல பதிவுகளைக் குறியிட்டு ஒரே முறையில் ஆர்க்கைவுக்கு அனுப்பலாம். பதிவு, கமெண்ட், படம் எல்லாம் பத்திரமாக இருக்கும், பார்ப்பது நீங்கள் மட்டும். பக்கத்திலேயே குப்பைத் தொட்டிப் பொத்தானும் இருக்கும். அவசரத்தில் அதை அழுத்திவிடாதீர்கள். அழுத்திவிட்டால் முப்பது நாளுக்குள் மீட்கலாம். ஆர்க்கைவின் குறை என்னவென்றால், நண்பர்கள் பழைய படத்தைத் தேடி வந்தால் கிடைக்காது. பிறகு வெளியே எடுத்தால் இடமும் கூடவே வெளியே வரும். ஆகவே இது திருத்த நேரம் கிடைக்கும் வரை ஒளித்து வைக்கும் வழி என்றே எடுத்துக்கொள்வேன்.

இப்போது என் அக்காவின் கணக்கு. கோவையில் இருக்கிறார், 2011இல் தொடங்கிய ஃபேஸ்புக் கணக்கு. போகிற இடமெல்லாம் செக்-இன் போட்ட காலம் அது. மகள் இப்போது எட்டாம் வகுப்பு. மகளின் பள்ளி, நடன வகுப்பு, வீடு மூன்றும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். சொந்தக்காரர்களிலும் ஒருவருக்குத் தெரியக்கூடாது என்பது கூடுதல். ஆக Limit மட்டும் போதாது.

ஆரம்பத்திலிருந்து ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தால் கை ஓய்ந்துவிடும். அதனால் முதலில் பட்டியல் எடுத்தோம். ஃபேஸ்புக்கின் Accounts Center வழியாக உங்கள் தகவலைத் தரவிறக்கலாம். பதிவுகள் மட்டும், எல்லாக் காலமும், JSON வடிவம் என்று தேர்ந்தெடுத்தால் போதும். வரும் ஜிப்புக்குள் பதிவுகளுக்கான கோப்பில் இடம் சேர்த்த ஒவ்வொரு பதிவிலும் place என்று ஒரு பகுதி இருக்கும், இடத்தின் பெயரும் ஆயத்தொலைவும் அதில் இருக்கும். அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் \u00e0\u00ae என்று குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஃபேஸ்புக் யுனிகோட் எழுத்துகளை பைட் பைட்டாகப் பிரித்து எழுதுகிறது, அவ்வளவுதான். பைதான் தெரிந்த பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் இந்தச் சில வரிகள் தமிழையும் சரிசெய்து, எந்த இடத்துக்கு எத்தனை பதிவு என்றும் சொல்லிவிடும்:

```python
import json, collections
f = "your_posts__check_ins__photos_and_videos_1.json"
c = collections.Counter()
for p in json.load(open(f, encoding="utf-8")):
    s = set()
    for a in p.get("attachments", []):
        for d in a.get("data", []):
            if "place" in d:
                n = d["place"].get("name", "")
                s.add(n.encode("latin1").decode("utf-8"))
    c.update(s)
for n, k in c.most_common(30):
    print(k, n)
```

கோப்பின் பெயர் உங்கள் ஜிப்பில் சற்று மாறியிருந்தால் அதையே போடுங்கள். பைதான் வேண்டாம் என்பவர்கள் HTML வடிவத்தில் தரவிறக்கி பிரௌசரில் இடப்பெயரைத் தேடிக்கொள்ளலாம். கணக்கெடுப்பது மட்டும் கையால் செய்ய வேண்டியிருக்கும்.

பட்டியலைப் பார்த்ததும் அக்காவுக்கு பாதி பாரம் இறங்கியது. இடம் சேர்த்த பதிவுகள் நானூறுக்குப் பக்கம். ஆனால் அதில் பெரும்பகுதி ஒரே ஒரு முறை போன இடங்கள்: ஊட்டி, கொடைக்கானல், ஏதோ கல்யாண மண்டபம், விமான நிலையம், மருதமலை. இவற்றை வைத்து யாரும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. 2014இல் ஒருவர் ஊட்டியில் இருந்தார் என்பது யாருக்கு என்ன பயன்? ஐந்து முறைக்கு மேல் வந்த இடங்கள் ஒரு டஜன்கூட இல்லை. அடுக்ககம், பள்ளி, நடன வகுப்பு, சரவணம்பட்டியில் அலுவலகம், சனிக்கிழமைதோறும் போகும் ஒரு கோயில், அம்மா வீடு. ஆளைக் கண்டுபிடிக்க உதவுவது இந்தப் பட்டியல்தான். சனிக்கிழமை மாலைகளில் ஒரே கோயில் என்று இருபது பதிவு இருந்தால் அடுத்த சனிக்கிழமை எங்கே இருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே வேலையை இப்படிப் பிரித்தோம். மொத்தத்துக்கும் ஒரு முறை Limit past posts. திரும்பத் திரும்ப வரும் இடங்களில் உள்ள நூற்றுச் சொச்சம் பதிவுகளுக்கு மட்டும் Edit post. வாசகத்தில் முகவரி இருந்த சிலவற்றுக்கு ஆர்க்கைவ். மீதி சுற்றுலாப் படங்களை அப்படியே விட்டோம். மருதமலைப் படத்தில் மருதமலை என்று இருப்பது அழகுதான். ஒரு எச்சரிக்கை: மளமளவென்று அடுத்தடுத்துத் திருத்திக்கொண்டே போனால் வேகமாகச் செய்கிறீர்கள் என்று சொல்லி ஃபேஸ்புக் சிறிது நேரம் அந்த வசதியைத் தடுத்து வைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, சில மாலைகளில் பிரித்துச் செய்தால் பிரச்சினை வராது.

நடுவில் ஒரு விசித்திரம் அகப்பட்டது. அடுக்ககத்தின் பெயரோடு "அம்மு வீடு" என்று இன்னோர் இடமும் பட்டியலில் இருந்தது. முன்பெல்லாம் இல்லாத இடத்தை நாமே உருவாக்கிச் செக்-இன் போடலாம். யாரோ ஒரு பொங்கலன்று விளையாட்டாக உருவாக்கியிருக்கிறார். அதற்கென்று தனிப் பக்கம், வரைபடத்தில் வீட்டின் மேலேயே புள்ளி. நம் பதிவிலிருந்து அதை நீக்கினாலும் அந்தப் பக்கம் அழியாது, வேறு யார் அங்கே செக்-இன் போட்டிருக்கிறார்களோ அவர்களின் பதிவில் அது இருக்கும். அந்தப் பக்கத்தின் மூன்று புள்ளியில் போய், இது தனியார் வீடு என்று புகார் கொடுக்கத்தான் முடியும். உங்கள் பட்டியலிலும் "ஸ்வீட் ஹோம்" வகைப் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மற்ற செக்-இன்கள் எல்லாம் சேர்ந்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

இன்ஸ்டாகிராமுக்கு வருவோம். இங்கே நிலைமை வேறு. பொதுக் கணக்கு என்றால், இடம் சேர்த்த பதிவு அந்த இடத்தின் பக்கத்திலும் போய் நிற்கும். உங்களைப் பின்தொடராதவர், உங்கள் பெயரே தெரியாதவர், அந்தப் பள்ளியின் இடப்பக்கத்தைத் திறந்தால் உங்கள் மகளின் படம் வரும். கணக்கை பிரைவேட் ஆக்கினால் அந்தப் பக்கங்களிலிருந்து எல்லாம் மறைந்துவிடும். பின்தொடர்பவர்களுக்கு மட்டும் தெரியும். ஃபேஸ்புக்கின் Limit போலத்தான் இது, ஆனால் வேண்டியபோது திரும்பவும் பொதுவாக்கலாம் என்பது நல்லது. வீட்டிலிருந்து சேலை, நகை விற்கும் பெண்கள் பலர் தொழில் கணக்காக மாற்றி வைத்திருப்பார்கள். தொழில் கணக்கை பிரைவேட் ஆக்க முடியாது. அவர்கள் குடும்பத்துக்கு வேறு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு பதிவாகத் திருத்த வேண்டும்.

திருத்துவது இங்கே சுலபம். மூன்று புள்ளி, Edit, படத்துக்கு மேலே உள்ள இடப்பெயரைத் தட்டி நீக்கினால் போதும். பதிவுக்கு ஒரே ஓர் இடம்தான். மொத்தமாக நீக்க வழி இங்கேயும் கிடையாது. Your activity பக்கத்தில் மொத்தமாக ஆர்க்கைவ் செய்யலாம். ஸ்டோரிதான் தொல்லை. போட்ட ஸ்டோரியின் லொகேஷன் ஸ்டிக்கரை எடுக்க முடியாது. சாதாரண ஸ்டோரி ஒரு நாளில் போய்விடும், ஹைலைட்டில் சேர்த்தது மட்டும் வருடக்கணக்கில் நிற்கும். ஹைலைட்டிலிருந்து எடுத்துவிட்டால் உங்கள் ஸ்டோரி ஆர்க்கைவில் அது பத்திரமாக இருக்கும், வேறு யாரும் பார்க்க முடியாது. அந்த ஆர்க்கைவில் வரைபடக் காட்சியும் உண்டு, உங்களுக்கு மட்டும் தெரிவது. ஸ்டிக்கர் ஒட்டிய ஸ்டோரிகள் வரைபடத்தின் மேல் புள்ளிகளாக நிற்கும். எங்கெங்கே ஒட்டினோம் என்று தேட இதைவிட வசதி இல்லை. இன்ஸ்டாகிராமிலிருந்து ஃபேஸ்புக்குக்கும் சேர்த்துப் பகிர்ந்த பதிவுகளை இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் பாருங்கள்.

அந்த நீட்சிகளுக்கு வருகிறேன். வெளிச்செயலிகள் தனிப்பட்ட ஃபேஸ்புக் கணக்கில் உங்கள் சார்பாகப் பதிவு போட உதவிய publish_actions அனுமதியை ஃபேஸ்புக் 2018இல் நிறுத்திவிட்டது. ஆகவே இன்று ஒரு கருவி உங்கள் பதிவுகளைத் தானாகத் திருத்துகிறது என்றால், நீங்கள் லாகின் செய்திருக்கும் பிரௌசருக்குள் உட்கார்ந்து உங்களைப் போல நடித்துப் பொத்தான்களை அழுத்துகிறது என்று அர்த்தம். உங்கள் மெசேஜ் உட்பட எல்லாவற்றையும் அதனால் பார்க்க முடியும். ஃபேஸ்புக்கின் விதிகளுக்கும் அது எதிரானது, கணக்கு பூட்டப்படலாம். பொத்தானின் இடத்தை ஃபேஸ்புக் மாற்றிய மறுநாள் நீக்குவதற்குப் பதில் அழிப்பதை அழுத்தவும் கூடும். இடத்தை மறைக்கப் போய், எழுதியவர் யாரென்றே தெரியாத ஒரு நிரலுக்கு முழுக் கணக்கையும் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. நூறு பதிவை நாமே செய்துவிடலாம்.

வேலை முடிந்ததும் சரிபார்க்க, ஃபேஸ்புக்கில் View as போட்டு வெளியார் கண்ணில் உங்கள் பக்கம் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். பிறகு கணினியில் உங்கள் பக்கத்தில் More என்பதன் கீழ் Check-ins என்று இருந்தால் அதைத் திறங்கள். நாங்கள் திறந்தபோது அந்தப் பள்ளியின் பெயர் இன்னும் இருந்தது. அக்கா போட்ட பதிவு அல்ல. வேறோர் அம்மா ஆண்டு விழாவன்று அக்காவையும் டேக் செய்து போட்டது. பிறர் பதிவின் இடத்தை நம்மால் தொட முடியாது. நம் டேக்கை மட்டும் எடுக்கலாம், எடுத்தால் நம் பக்கத்திலிருந்து போய்விடும், பதிவு அவரிடம் அப்படியே இருக்கும். அப்படி ஏழெட்டு இருந்தன. எல்லாவற்றிலும் டேக்கை எடுத்துவிட்டு, மகளின் முகம் தெளிவாகத் தெரிந்த பதிவுகளுக்கு மட்டும் அந்தந்த அம்மாக்களுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டார் அக்கா. ஒருவர் உடனே எடுத்துவிட்டார். இன்னொருவர், எப்படி எடுப்பது என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். அவருக்கு Edit post திரையின் படத்தை அனுப்பியிருக்கிறோம்.